குறிப்பை முதலில் படிப்பதா, பாட்டை முதலில் படிப்பதா?

கருங்குயில் | மார்ச் 2

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை நெடுங்காலமாகத் தனியாகவே அறிந்திருந்தேன். மேலும் கீழும் எதுவும் இல்லாத ஐந்து அடிகள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

என் மனத்தில் இது வியப்பின் பாட்டாக இருந்தது. முன்பின் அறியாத இருவர் கலந்துவிட்டதை எண்ணி, அவர்களுள் ஒருவர் மகிழ்ச்சியில் திகைத்து நிற்கிறார் என்றே படித்து வந்தேன். அண்மையில் கையில் கிடைத்த ஒரு பதிப்பில் பாட்டுக்கு மேலே பழைய குறிப்பு இருந்தது: 'இயற்கைப் புணர்ச்சி புணர்ந்த பின்னர், பிரிவர் எனக் கருதி அஞ்சிய தலைமகள் குறிப்பு வேறுபாடு கண்டு, தலைமகன் கூறியது.' அதைப் படித்துவிட்டு அடிகளுக்குள் நுழைந்தபோது, வியப்பு இருந்த இடத்தில் ஓர் அச்சம் இருந்தது. அவள் முகம் மாறியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் பேசுகிறான். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

என் கேள்வி இதுதான். தலைப்பு, முகப்பு மேற்கோள், முன்னுரை, இத்தகைய குறிப்பு ஆகியவற்றை முதலில் படித்துவிட்டு நூலுக்குள் செல்வதா, நூலைப் படித்த பிறகு அவற்றிடம் திரும்புவதா? இரண்டாவது முறையே நேர்மையான வாசிப்பு என்று இப்போதைக்கு எனக்குத் தோன்றுகிறது.

மூலபாடம் | மார்ச் 2

இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. அந்தக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல. தொகுத்தவர்களோ பின்னால் வந்த உரைகாரர்களோ சேர்த்தவை. செம்புலப் பெயல்நீரைக் கண்ட புலவர் 'தலைமகள் அஞ்சினாள்' என்று எங்கும் சொல்லவில்லை. அடிகளில் இல்லாததை அடிகளின் தலையில் ஏற்றுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. நான் குறிப்புகளை மறைத்துவிட்டுத்தான் படிக்கிறேன். மற்றவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும்.

சுவடி | மார்ச் 3

குறிப்புகள் பாடலோடு ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல என்று கொள்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அந்த அளவில் மூலபாடம் சொல்வது சரி. சில பாட்டுகளின் குறிப்புகள் ஒரு சூழலைச் சொல்லிவிட்டு, 'கூறியதூஉம் ஆம்' என்று இன்னொரு சூழலையும் தருகின்றன. எழுதியவரே தம் பாட்டைப் பற்றி அவ்வாறு இரண்டு வாய்ப்புகளைத் தந்திருக்க மாட்டார். தொல்காப்பிய உரையாசிரியர்களும் ஒரே பாட்டை வெவ்வேறு துறைகளுக்கு எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் பின்னர் வந்தது என்பதாலேயே அது வெளியிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. அகப்பாட்டு ஒரு கூற்றாகவே இயற்றப்படுகிறது. யார், யாரிடம், எந்த நிலையில் பேசலாம் என்ற ஒழுங்கைப் பொருளதிகாரம் விரிவாகப் பேசுகிறது. புலவர் அந்த ஒழுங்குக்குள் நின்று பாடுகிறார். கேட்பவரும் அதற்குள் நின்று கேட்கிறார். அந்த அரங்கை நாம் இழந்துவிட்டோம். குறிப்பு எழுதியவர் அதற்கு நம்மைவிட அருகில் இருந்தவர். அவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்காமலே தள்ளுவதற்கு என்ன அடிப்படை?

40ஆம் பாட்டையே பாருங்கள். முதல் மூன்று அடிகளும் கேள்விகள். குறிப்பு இல்லாமல் படித்தால் அவை வியப்பை அடுக்குகின்றன. குறிப்போடு படித்தால், அவள் அஞ்சுவதற்கான காரணங்களை அவனே ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறான். நம் தாயர் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. தந்தையர் உறவினர் இல்லை. நாமும் இதற்கு முன் அறிந்தவர்கள் இல்லை. அதாவது, அவன் போய்விட்டால் அவனைத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு எந்தப் பற்றுக்கோடும் இல்லை. அவளது அச்சத்தை அவன் மறுக்காமல் முழுவதும் ஒப்புக்கொண்ட பிறகே நான்காம் அடிக்கு வருகிறான். 'தாம் கலந்தன' என்பதில் உள்ள 'தாம்' அப்போது கனம் பெறுகிறது. யாரும் கூட்டிவைக்காமல் தாமாகக் கலந்தவை. ஆகவே பிரித்துவைக்கவும் யாருக்கும் இயலாதவை. இந்த வாதத்தின் கட்டமைப்பு அடிகளுக்குள்ளேயே இருக்கிறது. குறிப்பு அதைக் காட்டுகிறதே தவிர உண்டாக்கவில்லை.

மூலபாடம் | மார்ச் 3

நீங்கள் குறிப்பைப் படித்துவிட்டீர்கள். அதனால்தான் அது அடிகளுக்குள் இருப்பதாகத் தெரிகிறது. படிக்காதவருக்கு அது தெரியுமா?

கருங்குயில் | மார்ச் 4

மூலபாடம் கேட்டதைச் சோதித்துப் பார்க்க எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு வாய்ப்பு அமைந்தது. வந்தவர்களில் சிலருக்குக் குறிப்போடும் சிலருக்கு வெறும் அடிகளாகவும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். 'பேசுபவரின் குரல் எப்படி இருக்கிறது?' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பாட்டை முன்பே நன்கு அறிந்தவர்களின் விடைகளை ஒதுக்கிவைத்தேன்.

வெறும் அடிகளைப் பெற்றவர்கள் மகிழ்ச்சி, பெருமிதம், வியப்பு என்று எழுதினார்கள். ஒருவர் மட்டும், 'இவர் எதற்காக இவ்வளவு வலியுறுத்துகிறார்? எதிரில் இருப்பவர் நம்பவில்லையோ?' என்று எழுதியிருந்தார். குறிப்பைப் பெற்றவர்கள் ஆறுதல், உறுதிமொழி, கெஞ்சல் என்று எழுதினார்கள். ஆகவே சுவடி சொல்லும் கட்டமைப்பு அடிகளில் இருக்கிறது, குறிப்பின்றியும் ஒருவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்கு அது குறிப்பின் வழியாகவே தெரிகிறது.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொன்று. பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வெறும் அடிகளிலிருந்து குறிப்புக்குச் சென்றவர்கள் இரண்டு வாசிப்புகளையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். குறிப்பிலிருந்து தொடங்கியவர்களால் வியப்பின் பாட்டை மீட்டெடுக்க முடியவில்லை. 'இப்போது அவள் முகம் தெரிகிறது, அதை எப்படி மறப்பது?' என்று ஒருவர் கேட்டார். என் கேள்விக்கு இதுவே விடை என்று எண்ணுகிறேன். பாட்டிலிருந்து குறிப்புக்குப் போகலாம். எதிர்த்திசையில் வழி இல்லை.

புதுத்தொகுப்பு | மார்ச் 4

வணக்கம். முன்னுரை பற்றிய பேச்சு நடப்பதால் கேட்கிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. மூத்த கவிஞர் ஒருவர் அணிந்துரை எழுதித் தந்திருக்கிறார். அதில் என் கவிதைகள் அனைத்தும் தந்தையை இழந்த துயரத்திலிருந்து பிறந்தவை என்று எழுதியிருக்கிறார். பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் பாதிக் கவிதைகளுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வேறொருவரிடம் அணிந்துரை கேட்பது மரியாதைக் குறைவாகுமா? யாரிடம் கேட்கலாம்?

சுவடி | மார்ச் 5

புதுத்தொகுப்பு, யாரிடம் கேட்பது என்பதைவிட எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் சிக்கல். அந்த ஒரு வாக்கியம் முன்னால் நின்றால், மழை பற்றிய கவிதையிலும் வாசகர் தந்தையைத் தேடுவார். அவர் எழுதியதை ஒரு சொல்லும் குறைக்காமல் நூலின் இறுதியில் பின்னுரையாக வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் இசைவார்கள். அதே வாக்கியம் பின்னால் வரும்போது, வாசகர் தாம் படித்தவற்றில் எவை அதற்குப் பொருந்தும் என்று தாமே பிரித்துக்கொள்வார்.

கருங்குயில் செய்தது நல்ல சோதனை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு ஐயம் இருக்கிறது. முதலில் படிக்கக் கூடாது என்றால் சிலப்பதிகாரத்தின் பதிகத்தை என்ன செய்வது? அது நூலின் வாயிலில் நின்றுகொண்டு கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. ஆடல் மகளோடு கோவலன் பொருளை இழந்தது, சிலம்பை விற்க மதுரைக்கு வந்தது, பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு அரசன் கொல்லப் பணித்தது, மதுரை எரிந்தது எல்லாம் முதற்காதைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. போதாததற்கு, இந்தக் கதையை எதற்காகச் சொல்கிறோம் என்று மூன்று காரணங்களும் வந்துவிடுகின்றன. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும். உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். முடிவையும் பொருளையும் முன்பே தந்துவிடும் இப்படி ஒரு முன்னுரையை இன்று எந்த நாவலாசிரியரும் எழுதத் துணியமாட்டார்.

மூலபாடம் | மார்ச் 5

பதிகம் இளங்கோவடிகள் எழுதியதுதானா என்பதே ஐயத்துக்குரியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அங்கும் பின்னால் வந்த ஒரு கை.

சுவடி | மார்ச் 6

ஆம், அந்த ஐயம் இருக்கிறது, அது தீரவும் இல்லை. யார் எழுதினார் என்பதைச் சற்று ஒதுக்கிவைத்து, அது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

மங்கல வாழ்த்துப் பாடலில் திருமணம் நடக்கிறது. மணமக்களை வாழ்த்தும் மகளிர், 'காதலற் பிரியாமல், கவவுக்கை ஞெகிழாமல், தீதறுக' என்று ஏத்துகிறார்கள். பதிகத்தைப் படிக்காதவருக்கு இது மணவீட்டு வாழ்த்து. படித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார். பதிகத்தைப் படித்தவருக்கோ அந்த வாழ்த்தின் ஒவ்வொரு சொல்லும் பொய்க்கப்போவது தெரியும். பிரிவான், கை நெகிழும், தீது வரும். எதிர்மறையில் அமைந்த அந்த வாழ்த்து, வரப்போகும் கேடுகளின் பட்டியலாகவே கேட்கிறது. வாழ்த்துபவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அந்த அவலம் முதற்பாட்டிலேயே கிடைப்பதற்குக் காரணம் முன்னால் நிற்கும் பதிகம்தான்.

அடுத்து கொலைக்களக் காதைக்கு வாருங்கள். பாண்டியன் ஆராயாமல் ஆணையிடும் இடத்தில், 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஒரு சிறு தொடர் வருகிறது. பதிகத்தின் மூன்றாவது காரணத்தை மனத்தில் வைத்திருப்பவர் அங்கே நின்றுவிடுகிறார். இது அரசன் செய்த பிழையா, ஊழ் செய்வித்ததா? முதற்காரணம் அரசனைக் குற்றவாளியாக்குகிறது. மூன்றாவது காரணம் அவனை ஒரு கருவியாக்குகிறது. பதிகம் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, எது மேலோங்கும் என்று சொல்லாமல் போய்விட்டது. அந்தக் கேள்வியோடு உள்ளே நுழைந்தவர்தான், 'யானோ அரசன் யானே கள்வன்' என்னும் இடத்தில் அரசன் தானே பழியை ஏற்பதன் முழு எடையையும் உணர்வார். ஊழ் என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழி இருந்தது. அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கருங்குயில் | மார்ச் 6

இது என்னைச் சிந்திக்க வைத்தது. பதிகம் ஒரு விடையைத் தருவதுபோல் தோன்றி ஒரு கேள்வியைத் தருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை எடுத்துவிட்டு, இது எவ்வாறு நடந்தது, யாருடைய குற்றம் என்ற ஆவலை வைக்கிறது. 40ஆம் பாட்டின் குறிப்பு அப்படிச் செய்யவில்லை. அது ஒரே ஒரு சூழலைச் சொல்லி மற்றவற்றை மூடிவிடுகிறது. ஆக, முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதோடு, முன்னால் நிற்பது திறக்கிறதா மூடுகிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கருங்குயில் | மார்ச் 6, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு பின்சேர்க்கை. குறிப்பு மூடுகிறது என்றேன். ஆனால் 3ஆம் பாட்டைப் பார்க்கும்போது அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று' என்று தொடங்கும் அது, குறிப்பின்றிப் படித்தால் தன் நட்பின் அளவை ஒருத்தி தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் இருக்கிறது. குறிப்பின்படி, தலைமகன் சிறைப்புறத்தே நிற்கிறான். அவன் விரைவில் மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைப் பழிக்கிறாள். தலைமகள் அவனை உயர்த்திப் பேசுகிறாள். இப்போது அந்தப் பாட்டுக்குக் கேட்பவர்கள் இருவர். அவன் நிற்பது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தே சொல்கிறாள் என்றால், நிலத்தையும் வானையும் நீரையும் அளவாக வைக்கும் அந்தப் பெருமிதம் அவனிடம் விடுக்கும் கோரிக்கையும் ஆகிறது. இங்கே குறிப்பு ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கிறது. இதைப் பற்றி நான் இன்னும் தெளிவடையவில்லை.

கதைசொல்லி | மார்ச் 8

சிறுகதை எழுதுபவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். ஊரைவிட்டு மகனோடு தங்கப் போகும் ஒரு முதியவரைப் பற்றி ஒரு கதை எழுதினேன். இதழில் வந்தபோது முகப்பில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற புறநானூற்று அடியை வைத்தேன். வந்த கடிதங்கள் எல்லாம், புதிய இடத்தை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையைப் பற்றிய கதை என்றே பாராட்டின. கதையின் இறுதியில் அவர் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பேசுகிறார். அதை நிறைவான முடிவு என்றார்கள்.

தொகுப்பில் சேர்க்கும்போது, கதையில் ஒரு சொல்லும் மாற்றாமல், அதே பாட்டிலிருந்து வேறு அடிகளை வைத்தேன். 'நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்' என்பவை அவை. இம்முறை எழுதியவர்கள், தம் விருப்பத்தை யாரும் கேட்காமல் கொண்டுசெல்லப்பட்ட ஒருவரின் கதை என்றார்கள். அதே குழந்தையோடு அவர் பேசுவதை, பேச வேறு யாரும் இல்லாத தனிமை என்று படித்தார்கள். இரண்டு வாசிப்புகளும் எனக்கு வேண்டியவையே. ஆனால் இரண்டையும் ஒரே வாசகருக்குத் தர எனக்கு வழி தெரியவில்லை.

சுவடி | மார்ச் 8

கதைசொல்லி அவர்களின் அனுபவம் அந்தப் பாட்டுக்கே நேர்ந்ததைக் காட்டுகிறது. புறநானூறு 192இன் முதலடி இன்று பாட்டின் தலைப்பாகவே ஆகிவிட்டது. பலர் அறிந்தது அந்த ஓர் அடியைத்தான். பழைய குறிப்பு அதற்குத் தந்த துறை பொருண்மொழிக் காஞ்சி. அந்தத் துறையின் வழியே நுழைபவர், உயிருக்கு உறுதி தரும் பொருள்களைப் பேசும் பாட்டாக அதை எதிர்கொள்வார். தீதும் நன்றும் பிறர் தர வாரா என்பதும், ஆற்றில் போகும் புணையும், பெரியோரை வியவாமையும், சிறியோரை அதனினும் இகழாமையும் அவருக்கு ஒரே சிந்தனையின் படிகள். முதலடியின் வழியே நுழைபவருக்கு அது உலக உறவைப் பாடும் பாட்டு. புணை வரும் இடத்தில் அவருக்குச் சற்றுத் திகைப்பு வரும்.

இன்னும் ஒன்று. புறநானூற்றுப் பதிப்புகளில் திணையும் துறையும் பாடிய சூழலும் பாட்டு முடிந்த பிறகே வருகின்றன. குறுந்தொகையை இன்று படிப்பவர் கையில் உள்ள பல பதிப்புகளிலோ, பாட்டின் தலையிலேயே 'தலைவன் கூற்று', 'தோழி கூற்று' என்று இருக்கிறது. கருங்குயிலின் கேள்விக்குப் பதிப்பாசிரியர்கள் நமக்கு முன்பே வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள்.

மூலபாடம் | மார்ச் 9

குறிப்பை மறைத்துவிட்டுப் படிப்பேன் என்று எழுதியிருந்தேன். சுவடி சொன்னதைப் படித்த பிறகு அதை இவ்வாறு திருத்திக்கொள்கிறேன்: முதல் வாசிப்பில் மறைப்பேன். ஆனால் பாடியவர் பெயரை யாரும் குறிப்பாகக் கருதுவதில்லை. அது பாதுகாப்பானது. பெயர் வாசிப்பை மாற்றாது.

கருங்குயில் | மார்ச் 10

பெயரும் மாற்றும். 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். அவருடைய இயற்பெயர் கிடைக்காததால், பாட்டில் உள்ள ஒரு தொடரே பெயராகிவிட்டது. அந்தப் பெயரை முதலில் பார்ப்பவர் நான்காம் அடியை எதிர்பார்த்துக்கொண்டே முதல் மூன்று அடிகளையும் கடக்கிறார். அவள் அச்சத்துக்கான காரணங்கள் இருப்பதாகச் சுவடி சொன்னது அந்த மூன்று அடிகளில்தான்.

அடுத்த பாட்டில் இது இன்னும் தெளிவு. 41ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் இரண்டு உவமைகள் சொல்கிறாள். காதலர் அருகில் இருந்தால் விழாக் கொண்டாடும் ஊரைப்போல் மகிழ்வேன். அவர் அகன்ற நாளில், பாலை வழியை அடுத்த சிற்றூரில் மக்கள் விட்டுப்போனதால் முற்றத்தில் அணில் ஆடும் வீட்டைப்போல் பொலிவிழப்பேன். இரண்டும் சம எடையில் நிற்கின்றன. பாட்டு விழாவில் தொடங்குகிறது. ஆனால் பாடியவருக்கு வைக்கப்பட்ட பெயர் அணிலாடு முன்றிலார். பெயரிட்டவர் இரண்டு உவமைகளில் ஒன்றைத் தேர்ந்துவிட்டார். அதைப் படித்துவிட்டு வருபவருக்கு விழா ஊர் கடந்துபோக வேண்டிய ஓர் இடமாகிவிடுகிறது. கண் முற்றத்தைத் தேடிப் போகிறது. சாறுகொள் ஊரார் என்று பெயரிட்டிருந்தால் இதே பாட்டை, கூடியிருந்த நாளின் மகிழ்ச்சியை நினைந்து பாடுவதாகப் படித்திருப்போம் என்று நினைக்கிறேன்.

மூலபாடம் | மார்ச் 10

பெயரிட்டவர் தேர்ந்த உவமைதான் சிறந்தது. அணில் ஆடும் முற்றம்போல் விழா ஊர் மனத்தில் நிற்காது. இதில் வாசகரை யாரும் திசைதிருப்பவில்லை. நல்ல வாசகர் ஒருவர் தாம் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார்.

கதைசொல்லி | மார்ச் 11

அப்படியானால் குறிப்பு எழுதியவரும் தாம் கண்டதைப் பதிவு செய்த ஒரு நல்ல வாசகராக இருக்கலாமே. அவருக்கு மட்டும் ஏன் அந்த மதிப்பு இல்லை?

மூலபாடம் | மார்ச் 11

பெயர் பாட்டின் சொற்களிலிருந்தே எடுக்கப்பட்டது. குறிப்பு பாட்டில் இல்லாத ஒரு பெண்ணின் அச்சத்தைக் கொண்டுவருகிறது. இந்த வேறுபாட்டை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

புதுத்தொகுப்பு | மார்ச் 13

மூத்தவரிடம் பேசினேன். பின்னுரையாக வைக்க இசைந்தார். ஆனால், 'தொகுப்பின் தலைப்பே தந்தையின் நாற்காலியைத்தானே சொல்கிறது? நான் முன்னால் எழுதினால் என்ன, பின்னால் எழுதினால் என்ன?' என்று கேட்டார். அவர் அப்படிப் படித்ததற்கு என் தலைப்பே காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. தலைப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அட்டை இன்னும் அச்சாகவில்லை.

சுவடி | மார்ச் 13

மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நாற்காலிக் கவிதை தொகுப்பில் எந்த இடத்தில் இருக்கிறது? முதலில் இருந்தால் தலைப்பும் அதுவும் சேர்ந்து மற்றவற்றை இழுத்துக்கொள்ளும். நடுவில் இருந்தால், வாசகர் அங்கு வந்து சேரும் வரை தலைப்பு என்னவென்று தெரியாமல் காத்திருப்பார். அதுவரை படித்த கவிதைகள் தம் பொருளிலேயே நிற்கும். தலைப்பை வைத்துக்கொண்டு கவிதையை இடம் மாற்றி, உங்களை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.